பிடித்துவைத்த ஐந்து சதவீதம்

(கோயம்புத்தூரில் மின்பணி, குழாய்ப்பணி சப் கான்ட்ராக்டர்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் ஒரு மெயின் கான்ட்ராக்டரின் அலுவலகத்தில் பில்லிங் மேஜையில் உட்கார்ந்து உங்களைப் போன்றவர்களின் பில்லை வெட்டிக்கொண்டிருந்தவன் நான். பிறகு அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து, சப் கான்ட்ராக்டர்களுக்காக அதே ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் தெரியும். ஒரு பக்கத்து தந்திரங்களும் தெரியும். இன்றைக்குப் பேசப்போவது ஒரே விஷயம். ஒர்க் ஆர்டரில் ‘பேக் டு பேக்’ என்று இரண்டு வார்த்தை இருந்தால், உங்கள் ரிட்டென்ஷன் பணம் என்றைக்கு உங்கள் கைக்கு வரும்?

ஆர்டர் கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? ரேட்டைப் பார்க்கிறோம், மொத்தத் தொகையைப் பார்க்கிறோம், அட்வான்ஸ் உண்டா என்று பார்க்கிறோம். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘மற்ற எல்லா நிபந்தனைகளும் மூல ஒப்பந்தத்தின்படி பேக் டு பேக்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மூல ஒப்பந்தத்தை நாம் பார்த்ததே இல்லை. பார்க்காத காகிதத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்று கையெழுத்துப் போடுகிறோம்.

இந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வேலையின் தரம். ஓனர் காப்பர் கேபிள் கேட்டிருந்தால் நீங்களும் காப்பர் கேபிள்தான் போட வேண்டும். எர்த்திங் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தால் அது உங்களுக்கும் பொருந்தும். இது நியாயம். மெயின் கான்ட்ராக்டர் மேலே ஒரு தரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே வேறு தரத்தில் வேலை வாங்க முடியாது.

இரண்டாவது, பணம். ‘ஓனரிடமிருந்து பணம் வந்த பிறகு உங்களுக்குத் தரப்படும்.’ இது வேறு ஜாதி. முதலாவதில் நீங்கள் செய்யும் வேலைக்கு நீங்கள் பொறுப்பு. இரண்டாவதில் நீங்கள் பார்த்தே இராத ஒரு ஓனருக்கும், நீங்கள் தலையிட முடியாத ஒரு மெயின் கான்ட்ராக்டருக்கும் இடையிலுள்ள கணக்குக்கு நீங்கள் பொறுப்பாகிறீர்கள். ஷட்டரிங் வேலை தாமதமானது என்று ஓனர் மெயின் கான்ட்ராக்டருக்கு அபராதம் போட்டு மொத்த பில்லையும் நிறுத்தினால், ஒயரிங் செய்த உங்கள் பணமும் சேர்ந்து நிற்கும். ஷட்டரிங்குக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி உங்களையும் அதோடு கட்டிப்போட்டுவிட்டது.

தரத்துக்கான பேக் டு பேக்கை ஏற்றுக்கொள்ளுங்கள். பணத்துக்கான பேக் டு பேக்கை முழுசாக எடுக்க முடியாவிட்டாலும் அதற்கு ஒரு எல்லை கட்டுங்கள். எப்படிக் கட்டுவது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பில்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். பணம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் உறைக்கும்.

ஒரு கல்லூரி விடுதிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வந்த எலக்ட்ரிகல் ஆர்டர், ஜிஎஸ்டி தவிர, 80 லட்சம். ரிட்டென்ஷன் ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம். நீங்கள் சொந்தப் பெயரில் நடத்தும் தனிநபர் நிறுவனம். மூன்றாவது ஆர்.ஏ. பில் வரை 40 லட்சத்துக்கு வேலை முடிந்து பணமும் வந்துவிட்டது. இப்போது நான்காவது பில். இதுவரை மொத்தமாக முடிந்த வேலை 52 லட்சம், முந்தைய பில் வரை 40 லட்சம், ஆக இந்த பில் 12 லட்சம்.

18 சதவீத ஜிஎஸ்டி 2,16,000 ரூபாய். மொத்தம் 14,16,000. இதிலிருந்து 5 சதவீத ரிட்டென்ஷன் 60,000 போகும். தனிநபருக்கு டிடிஎஸ் 1 சதவீதம், அது ஜிஎஸ்டி இல்லாத தொகையின் மேல், 12,000. நீங்கள் கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்தால் 2 சதவீதம். கைக்கு வர வேண்டியது 13,44,000.

இதில் கவனிக்க வேண்டியது, ரிட்டென்ஷனில் நிற்கும் 60,000 ரூபாய்க்கும் டிடிஎஸ் இப்போதே பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் புத்தகத்தில் மொத்தத் தொகையும் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது, அதனால் பிடித்தாக வேண்டும். ஜிஎஸ்டியும் அப்படித்தான். முழு 12 லட்சத்துக்கும் டேக்ஸ் இன்வாய்ஸ் போட்டுவிட்டீர்கள் என்றால், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் முழு 2,16,000க்கும் கணக்குக் காட்ட வேண்டும். கேபிள், சுவிட்ச், டிபி பாக்ஸ் வாங்கிய வகையில் இன்புட் கிரெடிட் கழியும்தான். ஏழு லட்சத்துக்குச் சரக்கு வாங்கியிருந்தால் 1,26,000 கழிந்து, மீதி 90,000 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மெயின் கான்ட்ராக்டர் மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தால், அந்த மூன்று மாதத்துக்கு அரசாங்கத்துக்கு நீங்கள் முன்பணம் கட்டியதாக ஆகிறது.

இங்கே பில் போடும் வேலையை இரண்டு அடுக்காகப் பிரிக்கச் சொல்வேன். முதலில் அளவுகளோடு ஒரு ப்ரோஃபார்மா பில் மட்டும் கொடுங்கள். அதை அவர்களின் பில்லிங் இன்ஜினீயர் சரிபார்த்து, இவ்வளவு பாஸ் என்று எழுத்தில் தந்த பிறகு, பாஸான தொகைக்கு டேக்ஸ் இன்வாய்ஸ் போடுங்கள். இதற்கு ஜிஎஸ்டி சட்டத்தில் இடம் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நடக்கும் தொடர் சேவை ஒப்பந்தத்தில், பணம் ஒரு நிகழ்வோடு இணைக்கப்பட்டிருந்தால், அந்த நிகழ்வு முடியும்போது இன்வாய்ஸ் போட்டால் போதும். ‘அளவு சரிபார்த்துச் சான்று கொடுத்த பின் பில்’ என்று ஆர்டரில் எழுதியிருந்தால்தான் இது நிற்கும். வாய்வழியாகப் பேசிக்கொண்டால் நிற்காது. ரிட்டென்ஷன் தொகைக்கு அது திரும்பி வரும் தேதியில்தான் ஜிஎஸ்டி என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆர்டரில் ரிட்டென்ஷனுக்குத் தனித் தேதி இருந்தால் அந்த வாதத்துக்குக் கால் உண்டு. ஆனால் பெரும்பாலான ஆடிட்டர்கள் முழுத் தொகைக்கும் கட்டிவிடச் சொல்கிறார்கள். அதில் நான் புகவில்லை, உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

முதலிலேயே இன்வாய்ஸ் போட்டால் என்ன ஆகும்? உங்கள் பில் 12 லட்சம். மேலே ஓனரின் கன்சல்டன்ட், ஸ்லாபுக்குள் போட்ட கன்ட்யூட்டின் அளவை இன்னும் பார்க்கவில்லை என்று 10,50,000 மட்டும் பாஸ் செய்கிறார். மெயின் கான்ட்ராக்டரும் உங்களுக்கு அதையே பாஸ் செய்கிறார், பேக் டு பேக் அல்லவா. நீங்களோ முழு 12 லட்சத்துக்கும் ஜிஎஸ்டி கணக்குக் காட்டியாயிற்று. மீதி ஒன்றரை லட்சம் என்ன ஆயிற்று? தள்ளுபடியா? இல்லை. ரிட்டென்ஷனா? அதுவும் இல்லை. ‘வித்ஹெல்ட்’ என்று பென்சிலில் எழுதி வைத்திருப்பார்கள். என் அனுபவத்தில் சப் கான்ட்ராக்டர் அதிகம் பணம் இழப்பது ரிட்டென்ஷனில் அல்ல, இந்தப் பென்சில் எழுத்தில்தான். ரிட்டென்ஷனுக்காவது ஆர்டரில் ஒரு வரி இருக்கிறது. வித்ஹெல்ட் தொகைக்கு ஒரு வரியும் கிடையாது, தேதியும் கிடையாது. அடுத்த பில்லில் நீங்களாக எடுத்துப் போடாவிட்டால் அது யார் கணக்கிலும் இருக்காது.

அதனால் உங்கள் பில்லின் அப்ஸ்ட்ராக்ட் தாளில் நான்கு எண்கள் ஒவ்வொரு தடவையும் வர வேண்டும் என்று வற்புறுத்துவேன். இதுவரை செய்த மொத்த வேலை, இதுவரை பாஸான மொத்த வேலை, இதுவரை பிடித்த மொத்த ரிட்டென்ஷன், இதுவரை பாஸாகாமல் நிற்கும் மொத்தத் தொகை. நம் உதாரணத்தில் நான்காவது பில்லின் முடிவில் இந்த எண்கள் 52 லட்சம், 50.5 லட்சம், 2,52,500, 1.5 லட்சம். முழுசாக பாஸாகியிருந்தால் ரிட்டென்ஷன் 2,60,000 ஆகியிருக்கும். அவர்கள் கேட்கும் ஃபார்மட்டில் இந்த நான்கும் இல்லாவிட்டால், உங்கள் லெட்டர்ஹெட்டில் தனித்தாளாகச் சேர்த்து, பெற்றுக்கொண்டதாகச் சீல் வாங்குங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு தகராறு வந்தால், வேறு எந்தக் காகிதத்தையும்விட சீல் போட்ட அந்தத் தாள்தான் பேசும்.

இனி ரிட்டென்ஷனுக்கு வருவோம். 80 லட்சத்துக்கு 5 சதவீதம் என்றால் நான்கு லட்சம். போட்டி ரேட்டில் எடுத்த வேலையில் உங்களுக்கு 8 சதவீதம் லாபம் நிற்கிறது என்று வைத்தால் மொத்த லாபமே 6,40,000. அதில் நான்கு லட்சம் அவர்கள் கையில். வேலை முடிந்த அன்று உங்களிடம் இருக்கும் லாபம் 2,40,000 மட்டும். மீதி வந்தால்தான் லாபம், வராவிட்டால் நீங்கள் 3 சதவீதத்துக்கு வேலை பார்த்தவர். இப்படிப் பார்த்தால்தான் இந்த ஐந்து சதவீதத்தின் கனம் தெரியும்.

இந்த நான்கு லட்சம் எப்போது வரும்? வழக்கமாகப் பாதி வேலை முடிந்ததும், பாதி டிஎல்பி எனப்படும் குறைபாட்டுக் காலம் முடிந்ததும். டிஎல்பி பெரும்பாலும் பன்னிரண்டு மாதம். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல், ‘வேலை முடிந்ததும்’ என்றால் யாருடைய வேலை என்பதில். பேக் டு பேக் என்றால் மூல ஒப்பந்தத்தின் வேலை, அதாவது மொத்தக் கட்டடம்.

இதில் எனக்கு மிகவும் பரிதாபமாகத் தெரிவது பைலிங் ஆட்கள்தான். அவர்கள் முதலில் வந்து மூன்று மாதத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டடம் எழும்ப இன்னும் இரண்டு வருடம். பிறகு ஒரு வருடம் டிஎல்பி. பைல் லோட் டெஸ்ட் பாஸாகி, அதன் மேல் எட்டு மாடி ஏறி நிற்கிறது. ஆனாலும் கடைசி மாடிக்குப் பெயின்ட் அடிக்கும் வரை பைலிங்காரரின் பணம் நிற்கும். எலக்ட்ரிகல், பிளம்பிங்காரர்கள் கடைசி வரை இருப்பதால் அவர்களுக்கு இவ்வளவு மோசமில்லை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பேனலை சார்ஜ் செய்து, இன்ஸ்பெக்டரேட் அனுமதியும் வாங்கிக் கொடுத்த பிறகு, லிஃப்ட்டும் ஃபால்ஸ் சீலிங்கும் முடியவில்லை என்று ஓனர் ஆறு மாதம் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் தராமல் இருக்கலாம். அதைத் தரும் அன்றுதான் உங்கள் டிஎல்பி தொடங்கும். ஆனால் ஓனர் அந்த ஆறு மாதமும் உங்கள் ஃபேனையும் லைட்டையும் பயன்படுத்திக்கொண்டிருப்பார், கெட்டுப்போனால் உங்களைத்தான் கூப்பிடுவார்.

ஆகவே ஆர்டர் பேசும்போது ஒரே ஒரு இடத்தில் பிடிவாதம் பிடிக்க முடியும் என்றால் இங்கே பிடியுங்கள். ரேட்டில் ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. நான் எழுதச் சொல்லும் வரி இப்படி இருக்கும்: ‘ரிட்டென்ஷனில் பாதி, சப் கான்ட்ராக்டரின் வேலை சோதித்து ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து முப்பது நாளில் தரப்படும். மீதிப் பாதி, அந்த ஒப்படைப்பு நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்தில், அல்லது மூல ஒப்பந்தத்தின் ரிட்டென்ஷன் ஓனரால் எந்த வடிவிலாவது விடுவிக்கப்படும் நாளில், இவற்றில் எது முந்தியோ அன்று தரப்படும்.’

‘எந்த வடிவிலாவது’ என்பதை ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். மேஜையின் அந்தப் பக்கம் இருந்தவனுக்குத் தெரியும். பெரிய மெயின் கான்ட்ராக்டர்கள் ஓனரிடம் ஒரு பேங்க் கியாரன்டியைக் கொடுத்துவிட்டு, பிடித்து வைத்த ரிட்டென்ஷனை ரொக்கமாக வாங்கிக்கொள்வது வழக்கம். கியாரன்டிக்கு வங்கிக்குக் கொடுக்கும் கமிஷன் ரொக்கத்தின் வட்டியைவிடக் குறைவு. ஆக ஓனர் உங்கள் நான்கு லட்சத்தை மெயின் கான்ட்ராக்டரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். ஆனால் ஓனரின் புத்தகத்தில் டிஎல்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்டால், ‘டிஎல்பி முடியவில்லையே, பேக் டு பேக்தானே’ என்பார்கள். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அந்தப் பணம் உங்களுக்கு முன்னால் அவர்களுடைய அடுத்த சைட்டுக்குக் கம்பி வாங்கப் போய்விட்டது.

இது நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தனியார் ஓனராக இருந்தால் கஷ்டம்தான். சைட்டில் ஓனர் தரப்பு இன்ஜினீயர் பேச்சுவாக்கில் சொன்னால் உண்டு. ஓனர் அரசுத் துறையாக இருந்தால் வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்த ஒப்பந்தத்தில் மெயின் கான்ட்ராக்டருக்கு எந்தத் தேதியில் எந்த பில்லுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, ரிட்டென்ஷன் விடுவிக்கப்பட்டதா என்று கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம். ‘ஓனர் தரவில்லை’ என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் குரல், ஓனரின் கடிதம் கையில் வந்ததும் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் ஆர்டரிலேயே, ஓனர் பாஸ் செய்த ஒவ்வொரு பில்லிலும் உங்கள் வேலைக்கான பக்கத்தின் நகலை உங்களுக்குத் தர வேண்டும் என்று ஒரு வரி கேளுங்கள். மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு தகவல்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். நம்மில் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். அங்கே 2004இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ‘எனக்குப் பணம் வந்தால் உனக்குத் தருவேன்’ என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தாலும் செல்லாது. மலேசியாவிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதையே சொல்கிறது. இவற்றுக்கு முன்னோடி இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டம். மேலே இருப்பவர் திவாலானால் மட்டும் அங்கே விதிவிலக்கு. இந்தியாவில் அப்படி நேரடியாகத் தடுக்கும் சட்டம் கிடையாது. இங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். ஆகவே ‘வந்தால் தருவேன்’ என்று எழுதியிருக்கிறதா, ‘வந்தபின் தருவேன்’ என்று எழுதியிருக்கிறதா என்பது முக்கியமாகிவிடுகிறது. முதலாவது, வராவிட்டால் தரவே வேண்டாம் என்று படிக்க இடம் தருகிறது. இரண்டாவதை, தருவது நிச்சயம், தேதிதான் தள்ளிப்போகிறது, அதுவும் நியாயமான காலத்துக்கு மட்டும் என்று வாதாடலாம். மெயின் கான்ட்ராக்டர் தானே மேலே பில் போடாமல் இருந்துவிட்டு, ஓனர் தரவில்லை என்று உங்களிடம் சொன்னால், அவருடைய தவறையே அவர் கேடயமாகப் பிடிக்க முடியாது என்றும் வாதாடலாம். வாதாடலாம் என்றுதான் சொல்கிறேன். வக்கீல் ஃபீஸ் நான்கு லட்சத்துக்குள் முடியுமா என்பது வேறு கணக்கு.

எம்.எஸ்.எம்.இ. சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள், இப்போது எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். 2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் எழுதியிருந்தாலும், மைக்ரோ, ஸ்மால் நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் காலத்துக்குள் கொடுக்காத தொகையை வாங்குபவர் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரியிலும் வந்துவிட்டது. அதனால்தான் மார்ச் மாதக் கடைசியில் திடீரென்று உங்களுக்கு போன் வருகிறது. இது நல்ல ஆயுதம். ஆனால் இதில் இரண்டு பலவீனம் உண்டு. சரக்கும் வேலையும் சேர்ந்த வேலை ஒப்பந்தம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். இரண்டாவது, 2021இல் உச்ச நீதிமன்றம் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது. தகராறு வந்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய ஒப்பந்தத்துக்குச் சலுகை கேட்க முடியாது. உத்யம் பதிவு இல்லாமல் யாராவது இங்கே உட்கார்ந்திருந்தால், அடுத்த ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள். அந்த எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று இன்னும் இருக்கிறது. உங்கள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்த இன்வாய்ஸுக்கு மெயின் கான்ட்ராக்டர் எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டில் தராத தொகைக்கான பங்கை அவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் இன்வாய்ஸ் எண், தேதி, 180ஆவது நாள் எது என்ற மூன்றையும் எழுதி, அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் மேலாளருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பில்லிங் இன்ஜினீயர் படிக்காமல் வைக்கும் கடிதத்தை அக்கவுன்ட்ஸ்காரர் படிப்பார்.

இப்போது கடைசி பில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று வருடம் கவனமாகக் காத்த பணத்தை ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபைனல் பில் பாஸாகும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். ‘நோ கிளெய்ம் சர்டிஃபிகேட்’. இந்த வேலையில் எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருக்கும். இது கையெழுத்தாகாமல் செக் வராது என்பார்கள். அப்போது உங்களுக்குச் சம்பளப் பாக்கி இருக்கும், கேபிள் டீலர் வாசலில் நிற்பார். போட்டுவிடுவீர்கள். பன்னிரண்டு மாதம் கழித்து ரிட்டென்ஷன் கேட்கப் போனால், அந்த அலுவலகத்தில் ஆள் மாறியிருப்பார். புது ஆள் ஃபைலைத் திறந்து, ‘எல்லாம் வாங்கிவிட்டதாக நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே’ என்பார்.

கையெழுத்துப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். ‘பிடித்து வைக்கப்பட்ட ரிட்டென்ஷன் ரூ. 4,00,000 நீங்கலாக.’ ஆர்.ஏ. பில்லில் வித்ஹெல்டாக நின்றது ஏதாவது இருந்தால் அதையும் தொகையோடு எழுதுங்கள். எழுதிய பிறகு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதை மறுக்கும் பில்லிங் இன்ஜினீயரை நான் அதிகம் பார்த்ததில்லை. அவருக்கும் அந்தத் தொகை தன் புத்தகத்தில் நிற்பது தெரியும்.

ரிட்டென்ஷன் திரும்பி வரும் நேரத்தில்தான் டெபிட் நோட்டுகளும் பிறக்கும். டிஎல்பி காலத்தில் நாங்கள் வேறு ஆளை வைத்து இரண்டு தளத்தில் எம்சிபி மாற்றினோம், அறுபதாயிரம் ஆயிற்று என்பார்கள். எப்போது மாற்றினார்கள், யாரிடம் புகார் வந்தது, உங்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை? பதில் இருக்காது. இதற்கு மருந்து ஆர்டர் கட்டத்திலேயே இருக்கிறது. குறை எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டு, ஏழு நாளில் நீங்கள் வந்து சரிசெய்யாவிட்டால் மட்டும் வேறு ஆளை வைத்து உங்கள் செலவில் செய்யலாம் என்று ஒரு வரி. அதோடு, டிஎல்பி காலத்தில் நீங்கள் சைட்டுக்குப் போய் வேலை பார்த்த ஒவ்வொரு தடவையும் விடுதியின் பராமரிப்பு ஆளிடம் ஒரு சர்வீஸ் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். பல்பு மாற்றினாலும் வாங்குங்கள். அந்தச் சீட்டுக் கட்டு இருந்தால், ‘கூப்பிட்டோம், வரவில்லை’ என்ற பேச்சு எழாது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றே, ஆர்டரில் வெறும் பேக் டு பேக் என்று மட்டும் இருக்கிறதே, நாங்கள் என்ன செய்வது என்று முன்வரிசையில் இருக்கும் அண்ணன் பேச்சு தொடங்குவதற்கு முன்பே கேட்டார். அவருக்கான பதில் இது. முதலில், நீங்கள் வேலையை ஒப்படைத்த தேதியை எழுத்தில் நிறுவுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட், இன்ஸ்பெக்டரேட் அனுமதி, சாவி ஒப்படைத்த தாள், எது இருந்தாலும் அதை இணைத்து, ‘எங்கள் வேலை இந்தத் தேதியில் முடிந்து ஒப்படைக்கப்பட்டது’ என்று ஒரு கடிதம் கொடுத்து, பெற்றதாகச் சீல் வாங்குங்கள். அதற்கு அவர்கள் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்து, உங்கள் கணக்கில் ரிட்டென்ஷனைப் பொதுவான வரவேண்டிய பாக்கியோடு கலக்காமல் தனி லெட்ஜராக, சைட் வாரியாக, திரும்பி வர வேண்டிய தேதியோடு வையுங்கள். டேலியில் இதற்குப் பத்து நிமிடம் போதும். கலந்து வைத்தால், ஒரு சைட்டில் வந்த பணத்தை இன்னொரு சைட்டின் பாக்கிக்கு நேர் செய்துவிட்டு, எந்த ரிட்டென்ஷன் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

மூன்றாவது, காலாவதி. பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம்தான். பேக் டு பேக் ஆர்டரில் அந்த மூன்று வருடம் என்றைக்குத் தொடங்கியது என்பதே தகராறாகிவிடும். நீங்கள் ஓனர் பணத்துக்காகக் காத்திருந்ததாகச் சொல்வீர்கள், அவர்கள் வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இதைச் சுலபமாகத் தாண்டலாம். கடன் இருப்பதை அவர்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். பழைய காலம் முடிவதற்குள் அந்தக் கையெழுத்து வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுதோறும் மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது அவர்களுடைய ஆடிட்டரும் சப் கான்ட்ராக்டர்களிடம் பாக்கி உறுதிக் கடிதம் கேட்பார். அந்த வாரத்தில், ரிட்டென்ஷன் தொகையைத் தனி வரியாகப் போட்ட உங்கள் கடிதத்தை அனுப்பி, கையெழுத்தும் சீலும் போட்ட நகலைத் திருப்பி வாங்குங்கள். ஆடிட்டுக்காக என்று கேட்டால் அக்கவுன்ட்ஸில் மறுப்பதில்லை, ஏப்ரல் மாதம் கேட்டால் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.